பாடப் பதிவுகளைக் கேட்டு ஆசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சல்

2019 ஆகஸ்ட் 26 அன்று தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. 2020 ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அரசு கொடுத்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்து, ஹைடெக் லேபில் காணொலிப் பாடங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரே பாடம் தொலைக்காட்சியிலும் மடிக்கணினியிலும் அப்பாவின் செல்போனிலும் ஓடவேண்டிய நிலை அப்போது வந்தது. இன்றும் நிலை அதுதான். ஆசிரியர் தன் போனில் எடுக்கும் பாடம், அவர் பார்த்தேயிராத பல திரைகளில் ஓடியாக வேண்டும்.

அந்தப் பாடங்களைக் கேட்டு வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரம்பலூர், அரியலூர் இரு மாவட்டங்களிலும் உள்ள சில பள்ளிகள் சேர்ந்து, பதிவுசெய்த பாடங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள முடிவு செய்திருக்கின்றன. கோப்பின் வடிவம், அளவு, பெயர் ஆகிய மூன்றையும் ஆசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். அந்த மின்னஞ்சலை எப்படி எழுதுவது, அதிலுள்ள ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி இருக்கிறது என்பதே இந்த அத்தியாயம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரு விதி உண்டு: ஆசிரியர் தன் கையிலுள்ள போனிலேயே செய்யவும் சரிபார்க்கவும் முடிவதை மட்டும் அவரிடம் கேளுங்கள். மற்றதெல்லாம் உங்கள் வேலை. 'H.264 கோடெக், 1500 கேபிபிஎஸ் பிட்ரேட்டில் அனுப்பவும்' என்று எழுதினால் வரிக்கு வரி சரியாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கிற தமிழாசிரியரால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அவர் தனக்குத் தெரிந்த வழியில் அனுப்பிவிடுவார். வந்த கோப்புகளைச் சரிசெய்யவே உங்களுக்கு ஒரு மாதம் போய்விடும்.

வடிவம்: பிடிக்கும்போதே சரியாகப் பிடிப்பது

வடிவத்தைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியது `.mp4` கோப்பு. அதற்குள் படம் H.264 முறையிலும் ஒலி AAC முறையிலும் இருக்க வேண்டும். பழைய லேப் கணினி, வகுப்பறை ஸ்மார்ட் போர்டு, பென் டிரைவ் செருகிய தொலைக்காட்சி, மலிவான போன் என்று எதில் போட்டாலும் ஓடக்கூடிய சேர்க்கை இது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், `.mp4` என்பது வெறும் பெட்டியின் பெயர். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது வெளியே தெரியாது. இப்போதைய போன்கள் பல, இடத்தை மிச்சப்படுத்த HEVC என்ற புதிய முறையில் பதிவு செய்கின்றன. ஐபோனில் வாங்கியபடியே அந்த அமைப்பு இருக்கும். கோப்பும் `.mov` என்று முடியும். சில ஆண்ட்ராய்டு போன்களில் கேமரா அமைப்பில் `High efficiency` என்ற பெயரில் இருக்கும். எடுத்த போனில் அந்தப் பதிவு அழகாக ஓடும். அதையே லேபில் உள்ள விண்டோஸ் கணினியில் போட்டால் ஆசிரியரின் குரல் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். அல்லது `HEVC Video Extensions` வாங்கச் சொல்லி ஒரு செய்தி வரும். குரல் வந்து படம் வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இந்த இடத்தில் பலர் செய்யும் காரியம், `.mov` என்ற முடிவை அழித்துவிட்டு `.mp4` என்று எழுதுவது. அதனால் உள்ளே எதுவும் மாறாது. என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் இன்னும் கடினமாகும். ஆகவே மின்னஞ்சலில் 'எம்பி4 ஆக மாற்றி அனுப்பவும்' என்று எழுதாதீர்கள். பதிவு தொடங்கும் முன் போனில் மாற்ற வேண்டிய அமைப்பை எழுதுங்கள். ஐபோனில் `Settings` → `Camera` → `Formats` → `Most Compatible`. ஆண்ட்ராய்டில் கேமரா அமைப்புக்குள் போய் `High efficiency` என்று தொடங்கும் தேர்வை அணைக்க வேண்டும். அந்தத் தேர்வே இல்லாத போனில் அப்படியே எடுக்கலாம்.

இதோடு இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது, போனைப் படுக்கைவாட்டில் பிடிப்பது. நெட்டுக்குத்தலாக எடுத்த பாடத்தை ஸ்மார்ட் போர்டில் போட்டால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, கரும்பலகை நடுவில் ஒரு கீற்றாகிவிடும். பின்னால் சரிசெய்ய வழியே இல்லாத பிழை இது. இரண்டாவது, 720பி என்ற அளவில் எடுப்பது. கரும்பலகை எழுத்துக்கு அது போதும். போனைப் பலகைக்கு அருகில் வைத்து எழுத்தைப் பெரிதாக எழுதினால், 1080பி-யில் தூரத்திலிருந்து எடுத்ததைவிடத் தெளிவாகவே இருக்கும்.

அளவு: ஆசிரியரிடம் நிமிடத்தைக் கேளுங்கள், எம்பி-யைக் கேட்காதீர்கள்

'கோப்பு 150 எம்பி-க்குள் இருக்க வேண்டும்' என்ற வரியைப் பல சுற்றறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள். அதைப் படிக்கிற ஆசிரியருக்குத் தன் போன் நிமிடத்துக்கு எத்தனை எம்பி பிடிக்கிறது என்று தெரியாது. எடுத்து முடித்த பிறகுதான் அளவு தெரியும். அப்போது அவர் கையில் கிடைக்கும் ஏதோ ஓர் ஆப்பை இறக்கிச் சுருக்குவார். அது ஓர் ஓரத்தில் தன் விளம்பரப் பெயரையும் போட்டு, எழுத்தையும் மங்கலாக்கித் தரும்.

கணக்கைப் பார்ப்போம். 1080பி-யில் H.264 முறையில் எடுத்தால் பல போன்களில் நிமிடத்துக்கு 130 எம்பி வரை ஆகிறது. இருபது நிமிடப் பாடம் 2.6 ஜிபி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் டேட்டா பேக்கில் அது ஒரே நாளில் போகவே போகாது. வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் மேலேற்றினால், இடையில் அறுபடாமல் போனாலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். 720பி-க்கு மாறினால் போனைப் பொறுத்து நிமிடத்துக்கு 60 முதல் 90 எம்பி. பத்து நிமிடத்துக்கு அதிகபட்சம் 900 எம்பி.

இதிலிருந்து விதி தானாகவே கிடைக்கிறது. ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியது: 720பி-யில் எடுங்கள், ஒரு பகுதி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், பாடம் நீளமானால் பகுதி பகுதியாக எடுங்கள். இந்த மூன்றையும் செய்தால் கோப்பு 1 ஜிபி-க்குள் நிற்கும். நிமிடத்தை அவரால் எடுக்கும்போதே திரையில் பார்த்துக்கொள்ள முடியும்.

அதை மாணவர் கைக்குப் போகும் அளவுக்குச் சுருக்குவது ஒருங்கிணைப்பாளரான உங்கள் வேலை. லேப் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் HandBrake போட்டு, `Fast 720p30` என்ற அமைப்பைத் தேர்ந்து, சராசரி பிட்ரேட்டை 1500 என்று வைத்து, `Web Optimized` பெட்டியில் டிக் அடித்தால் போதும். கட்டளை எழுதிப் பழகியவர்கள் ஒரே வரியில் முடிக்கலாம்:

```
ffmpeg -i raw.mov -vf scale=-2:720 -r 30 -c:v libx264 -crf 24 -maxrate 1500k -bufsize 3000k -pix_fmt yuv420p -c:a aac -b:a 96k -movflags +faststart out.mp4
```

படமும் ஒலியும் சேர்த்து வினாடிக்கு 1.6 மெகாபிட். எட்டால் வகுத்தால் வினாடிக்கு 0.2 எம்பி, நிமிடத்துக்கு 12 எம்பி. 900 எம்பி-யாக வந்த பத்து நிமிடம் அதிகபட்சம் 120 எம்பி-யாகிறது. அசைவு குறைந்த கரும்பலகைப் பாடம் அதற்கும் கீழே போகும். கட்டளையின் கடைசியில் உள்ள `faststart`, கோப்பின் உள்ளடக்கக் குறிப்பை முன்பக்கத்துக்குக் கொண்டுவருகிறது. அதனால் இணையத்தில் பார்க்கும் மாணவருக்கு முழுக் கோப்பும் இறங்கும் வரை காத்திருக்காமல் பாடம் ஓடத் தொடங்கும். HandBrake-இல் `Web Optimized` செய்வதும் இதே வேலையைத்தான்.

ஒப்படைக்கும் வழியும் அளவைச் சேர்ந்ததே. மின்னஞ்சலோடு இணைத்து அனுப்ப முடியாது. ஜிமெயிலின் இணைப்பு வரம்பு 25 எம்பி. வாட்ஸ்அப்பில் காணொலியாக அனுப்பினால் அது தன் பங்குக்குச் சுருக்கிவிடும், பலகையில் உள்ள கீழெழுத்துகள் கரைந்துபோகும். எனவே முதல் வழி பென் டிரைவ். இரண்டாவது வழி கூகுள் படிவம். பென் டிரைவில் ஒன்றைக் கவனியுங்கள்: FAT32 முறையில் இருக்கும் பென் டிரைவ் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். பத்து நிமிட விதியைக் கடைப்பிடித்தால் இந்தச் சுவரில் யாரும் மோத மாட்டார்கள்.

கூகுள் படிவத்தில் கோப்பு கேட்கும் கேள்வியைச் சேர்க்கும்போது, கோப்பின் உச்ச அளவாக 1 எம்பி, 10 எம்பி, 100 எம்பி, 1 ஜிபி, 10 ஜிபி என்ற தேர்வுகள்தான் வரும். 1 ஜிபி-யைத் தேர்ந்தெடுங்கள். அதோடு படிவம் முழுவதற்குமான மொத்த வரம்பும் 1 ஜிபி என்றே தொடக்கத்தில் இருக்கும். அதை அமைப்பில் உயர்த்தாவிட்டால் இரண்டாவது ஆசிரியரிலேயே படிவம் மூடிக்கொள்ளும். வரும் கோப்புகளெல்லாம் உங்கள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்தில்தான் உட்காரும். அது மின்னஞ்சலுக்கும் படங்களுக்கும் சேர்த்த இடம். 900 எம்பி வீதம் பதினாறு கோப்பு வந்தாலே ஏறக்குறைய நிறைந்துவிடும். ஆகவே வந்ததை அன்றன்றைக்கு லேப் கணினிக்கு இறக்கி, சுருக்கி, மேலே உள்ளதை அழித்துவிட வேண்டும். ஆசிரியர்கள் தங்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்துதான் படிவத்தில் கோப்பைச் சேர்க்க முடியும் என்பதையும் மின்னஞ்சலில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

பெயர்: கோப்பைத் திறக்காமலே தெரிய வேண்டியது

கேமரா தானாக வைக்கும் பெயர் பெரும்பாலும் `VID_20250612_101530.mp4` போன்று இருக்கும். தேதியும் நேரமும்தான் அதில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்து சேமிக்கப்பட்டதென்றால் `VID-20250612-WA0007.mp4` என்று இருக்கும். பெயரில் `WA` தெரிந்தால் அந்தக் கோப்பு வாட்ஸ்அப் வழியே வந்தது என்று பொருள். பெரும்பாலும் அங்கேயே சுருங்கியிருக்கும், மூலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இதைத் தவிர அந்தப் பெயர்களால் நமக்குப் பயனில்லை.

நாம் வைக்கும் பெயர் இப்படி இருக்கட்டும்:

```
09_GEO_TM_U01_P02_ARL04_V1.mp4
```

வகுப்பு, பாடம், பயிற்று மொழி, அலகு, பகுதி, பள்ளி, பதிப்பு. ஏழு துண்டுகள், நடுவில் அடிக்கோடு. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

வகுப்பை `9` என்று எழுதாமல் `09` என்று எழுதுகிறோம். பெயரை எழுத்து வரிசைப்படி அடுக்கும் கருவிகளில் `10` முன்னாலும் `9` பின்னாலும் போய்விடும். விண்டோஸ் கோப்புறை எண்ணின் மதிப்பைப் பார்த்துச் சரியாக அடுக்கிக் காட்டுவதால் உங்கள் கணினியில் இந்தப் பிழை தெரியாது. பென் டிரைவை வகுப்பறைத் தொலைக்காட்சியில் செருகும்போது பத்தாம் பகுதி ஓடிய பிறகு இரண்டாம் பகுதி வரும், அப்போதுதான் தெரியும்.

பாடத்துக்கு `SOC` என்று எழுதாமல் `HIS`, `GEO`, `CIV`, `ECO` என்று பிரிக்கிறோம். நம் சமூக அறிவியல் புத்தகத்தில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஒவ்வொன்றும் அலகு ஒன்றிலிருந்து தனித்தனியாக எண்ணப்படுகின்றன. `SOC_U01` என்று பெயர் வைத்தால் ஒரே வகுப்புக்கு மூன்று நான்கு முதல் அலகுகள் ஒரே பெயரில் வந்து நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு ஒரு பாடமே காணாமல் போகவும் வாய்ப்புண்டு. `TM`, `EM` என்பவை தமிழ்வழி, ஆங்கிலவழி.

பள்ளிக்கு `GHSS` என்று எழுதினால் யாரென்று தெரியாது; இரு மாவட்டங்களிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் ஏராளம். யுடைஸ் எண்ணை எழுதலாம்தான், ஆனால் அது பதினோரு இலக்கம். போனில் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால் கோப்பு வேறு பள்ளியின் கணக்கில் சேரும். அதனால் பெரம்பலூருக்கு `PBL`, அரியலூருக்கு `ARL`, பின்னால் இரண்டு இலக்கம் என்று நீங்களே குறியீடு கொடுங்கள். பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என்று ஒன்றிய வரிசையில் எண்களைக் கொடுத்து, அரியலூர் பக்கமும் திருமானூர், செந்துறை, செயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் வரை அப்படியே கொண்டுபோனால் நினைவில் வைக்க எளிது. குறியீட்டுக்கு எதிரே யுடைஸ் எண் எழுதிய பட்டியல் உங்களிடம் இருந்தால் போதும்.

கடைசியில் `V1`. திருத்தி மறுபடி தந்தால் `V2`. இது இல்லாவிட்டால் `final`, `final new`, `final last` என்று வரும். மூன்றில் எது கடைசி என்று அனுப்பியவருக்கே மறந்திருக்கும்.

தமிழில் பெயர் வைக்கலாமே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, இப்போதைய போன்களும் கணினிகளும் தமிழ்ப் பெயரைத் தாங்கும். ஆனால் நம் கோப்பு போகும் வழியில் பழைய தொலைக்காட்சியும் பழைய ஜிப் மென்பொருளும் இருக்கின்றன. அங்கே தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ மாறிவிடும். இணைய முகவரியாக மாறும்போது ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது குறிகளாக நீளும். அதனால் கோப்பின் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும். பாடத்தின் தமிழ்த் தலைப்பை ஆசிரியர் பதிவின் முதல் வினாடிகளில் பலகையில் எழுதிக் காட்டட்டும், படிவத்திலும் எழுதட்டும். மாணவர் பார்க்கும் பட்டியலில் அந்தத் தலைப்புதான் வரும்.

மாதிரி மின்னஞ்சல்

பெரும்பாலான ஆசிரியர்கள் இதை வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் பார்ப்பார்கள். எனவே காரணங்களை மின்னஞ்சலில் எழுத வேண்டாம். செய்ய வேண்டியது மட்டும், செய்கிற வரிசையில்.

> பொருள்: பாடப் பதிவு – மாதிரி 11ஆம் தேதிக்குள், முழுப் பாடம் 18ஆம் தேதிக்குள்
>
> மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,
>
> வணக்கம். தலைமையாசிரியர் கூட்டத்தில் முடிவானபடி, தாங்கள் ஒப்புக்கொண்ட பாடங்களைக் கீழ்க்கண்டவாறு பதிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> எடுக்கும் முன்
> 1. கேமரா அமைப்பில் காணொலி அளவை 720பி என்று வையுங்கள். ஐபோனில் `720p HD at 30 fps`.
> 2. ஐபோன்: `Settings` → `Camera` → `Formats` → `Most Compatible`. ஆண்ட்ராய்டு: `High efficiency` என்ற தேர்வு இருந்தால் அணைத்துவிடுங்கள்.
> 3. போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள்.
>
> எடுக்கும்போது
> 4. ஒரு பகுதி 10 நிமிடத்துக்குள். பாடம் நீண்டால் அடுத்த பகுதியாக எடுங்கள்.
> 5. தொடக்கத்தில் பாடத் தலைப்பைப் பலகையில் தமிழில் காட்டுங்கள்.
>
> எடுத்த பின்
> 6. பெயர்: `வகுப்பு_பாடம்_மொழி_அலகு_பகுதி_பள்ளி_V1`
> எடுத்துக்காட்டு: `09_GEO_TM_U01_P02_ARL04_V1.mp4`
> பெரிய எழுத்து. இடைவெளி வேண்டாம். `01` என்பதில் முதலில் வருவது பூஜ்ஜியம். கடைசியில் உள்ள `.mp4` அல்லது `.mov` என்பதைத் தொட வேண்டாம்.
> 7. எந்த ஆப்பிலும் சுருக்க வேண்டாம்; சுருக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.
> 8. பென் டிரைவில் தாருங்கள். முடியாதவர்கள் இணைப்பிலுள்ள படிவத்தில் தங்கள் கூகுள் கணக்கு வழியே ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.
>
> முதலில் ஒரு மாதிரி: 11ஆம் தேதிக்குள் ஒரு நிமிடம் மட்டும் எடுத்து, பகுதி எண்ணை `P00` என்று போட்டுத் தாருங்கள். பார்த்துவிட்டு மறுநாளே பதில் சொல்கிறேன். அதன் பிறகு முழுப் பாடத்தை எடுங்கள்.
>
> பாடக் குறியீடும் பள்ளிக் குறியீடும் இணைப்பில் உள்ளன. சந்தேகம் இருந்தால் மாலை 4.30-க்கு மேல் அழையுங்கள்.
>
> நன்றி.
> தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர்

இதில் விட்டுவிடக் கூடாதது `P00`. ஒரு நிமிட மாதிரியிலேயே படம் வருகிறதா, படுக்கைவாட்டில் இருக்கிறதா, குரல் கேட்கிறதா, பெயர் சரியா என்று நான்கும் தெரிந்துவிடும். நாற்பது நிமிடம் பாடம் நடத்தி முடித்தவரிடம் 'மறுபடி எடுங்கள்' என்று சொல்வது அநியாயம். மாதிரியைக் கேட்காத ஒருங்கிணைப்பாளர் அதைத்தான் சொல்ல நேரும்.

ஒரு பாடம், தொடக்கம் முதல் முடிவு வரை

அரியலூர்ப் பக்கத்துப் புவியியல் ஆசிரியை ஒருவர் ஒன்பதாம் வகுப்பில் பாறைகள் வரும் முதல் அலகை எடுக்கிறார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை நேரிலேயே காட்டிப் பாடம் நடத்த விரும்புகிறார். ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். 1940-இல் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து வெளிச்சொன்னது. படிவுப் பாறைக்கும் புதைபடிவத்துக்கும் இதைவிட நல்ல பாடம் இந்த இரு மாவட்டப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

அவர் கையில் ஐபோன். கல்மரத்தின் அருகே நின்று ஒரு நிமிடம் எடுத்து, அதற்கு மட்டும் வாட்ஸ்அப் போதும் என்று நினைத்து அனுப்புகிறார். உங்களுக்குக் கிடைக்கும் பெயரில் `WA` இருக்கிறது. காற்றின் இரைச்சலில் பாதிச் சொற்கள் கேட்கவில்லை.

"சார், மாதிரி வந்துச்சா? சரியா இருக்குங்களா?"

"வந்துச்சுங்க டீச்சர். வாட்ஸ்அப்ல வந்ததால படம் எப்படின்னு சொல்ல முடியல. அதையே பைலாப் படிவத்துல போட்டுருங்க. அப்புறம் காத்து ரொம்ப இரையுது. இயர்போன் மைக்கைத் துப்பட்டாக்குள்ள, காலர் பக்கமா வச்சுப் பேசிப் பாருங்க."

படிவத்தில் வந்த மூலக் கோப்பு `.mov`. லேப் கணினியில் போட்டால் குரல் மட்டும் வருகிறது. அவர் `Formats` அமைப்பை மாற்றவில்லை என்று அப்போதே தெரிகிறது. இரண்டாவது மாதிரியில் படமும் வருகிறது, குரலும் தெளிவு. கோப்பின் முடிவு இன்னும் `.mov` தான். அதனால் கெடுதல் இல்லை, சுருக்கும்போது `.mp4` ஆகிவிடும்.

பெயர் வைப்பதிலும் ஒரு தடை. ஐபோனின் படத் தொகுப்பில் பெயரை மாற்ற வழியில்லை. பதிவை `Save to Files` கொடுத்துக் கோப்புகள் பகுதிக்குக் கொண்டுபோய், அங்கே அழுத்திப் பிடித்து `Rename` செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சுற்று இல்லை. கோப்பு ஆப்பிலேயே பெயரை மாற்றலாம்.

பாடம் மொத்தம் பதினெட்டு நிமிடம். வகுப்பறையில் பாறை வகைகளை விளக்கும் ஒன்பது நிமிடம் `P01`, சாத்தனூரில் எடுத்த ஒன்பது நிமிடம் `P02`. நிமிடத்துக்கு 60 எம்பி வீதம் ஒவ்வொன்றும் 540 எம்பி. பென் டிரைவில் வந்த இரண்டையும் நீங்கள் சுருக்குகிறீர்கள். இரண்டும் உச்சமாகத் தலா 108 எம்பி. இதையே 1080பி-யில் ஒரே கோப்பாக எடுத்திருந்தால் 2.3 ஜிபி ஆகியிருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு: வேப்பூரில் உள்ள ஆசிரியருக்குக் கல்மரம் மட்டும் வேண்டுமென்றால் `P02`-ஐ மட்டும் போட்டுக் காட்டலாம்.

வந்தவற்றைச் சரிபார்ப்பது

ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் பார்க்க நேரம் இருக்காது. மூன்று இடங்களில் பாருங்கள்: தொடக்கம், நடு, கடைசி அரை நிமிடம். தொடக்கத்தில் தலைப்பு இருக்கிறதா, நடுவில் எழுத்தும் குரலும் தெளிவா, கடைசியில் பாதியில் அறுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசிப் பகுதியில் உதடும் குரலும் பொருந்துகிறதா என்றும் கவனியுங்கள். போன்கள் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்வதால், வெட்டி ஒட்டிய பதிவுகளில் குரல் மெல்லப் பின்தங்கும். அப்படியிருந்தால் வெட்டாத மூலக் கோப்பைக் கேளுங்கள். படம் எந்த முறையில் இருக்கிறது என்று அறிய VLC-யில் திறந்து `Tools` → `Codec Information` பார்த்தால் போதும்.

படிவம் வழியாக வந்தவற்றில் பெயரை மறுபடி பார்க்க வேண்டும். அனுப்பியவரின் பெயரைக் கூகுள் படிவம் தானாகவே கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டிவிடும். ஆசிரியர் சரியாகத்தான் வைத்திருப்பார். அதை நீக்குவது உங்கள் வேலை. அவரிடம் குறை சொல்லிவிடாதீர்கள்.

மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டியவை இரண்டு வகைதான்: நெட்டுக்குத்தலாக எடுத்தது, குரல் கேட்காதது. மற்றவை, அதாவது தவறான பெயர், `.mov`, HEVC, கூடுதல் அளவு எல்லாமே லேபில் சில நிமிடங்களில் சரியாகக் கூடியவை. சரிசெய்துவிட்டு, அடுத்த முறைக்கு மட்டும் ஒரு வரி சொல்லுங்கள். ஒரே தவறு மூன்று நான்கு பேரிடமிருந்து வந்தால் தவறு மின்னஞ்சலில் இருக்கிறது. அந்த வரியை மாற்றி எழுதி, பொருள் வரியில் 'திருத்தியது' என்று சேர்த்து, மறுபடி அனுப்புங்கள். பெயரிடும் முறையை மட்டும் கல்வியாண்டின் நடுவில் மாற்றாதீர்கள். பாதிக் கோப்புகள் ஒரு முறையிலும் மீதி வேறு முறையிலும் இருந்தால் பட்டியல் உடைந்துவிடும். புதிய குறியீடு தேவைப்பட்டால் இணைப்பில் ஒரு வரி கூட்டுங்கள். முறையை மாற்றுவதானால் அடுத்த ஜூனில் மாற்றிக்கொள்ளலாம்.